வலி வந்தபின் போடும் மாத்திரையும், வராமல் தடுக்கும் மாத்திரையும்

கேள்வி: எனக்கு 32 வயது. மாதம் ஆறேழு நாள் ஒற்றைத் தலைவலி வருகிறது. வலி வரும்போது போட சுமாட்ரிப்டான் 50, தினமும் போட ப்ரொப்ரனலால் 20 என்று டாக்டர் எழுதியிருக்கிறார். சுமாட்ரிப்டான் நன்றாகவே கேட்கிறது. அதையே தினமும் ஒன்று போட்டுக்கொண்டால் வலி வராமலே இருக்குமே, இன்னொரு மாத்திரை எதற்கு? நான் எஸ்சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மருந்தும் சாப்பிடுகிறேன். இரண்டும் செரட்டோனின் மருந்து, சேர்த்துப் போடக் கூடாது என்று மெடிக்கல் ஷாப்பில் சொன்னார்கள். உண்மையா?

பதில்:

தினமும் சுமாட்ரிப்டான் போடாதீர்கள். அது வலியை வராமல் தடுக்காது. போதாக்குறைக்கு, சில மாதங்களில் வலி வரும் நாட்களையே கூட்டிவிடும். எஸ்சிட்டலோபிராம் பற்றிக் கடையில் சொன்னது ஒரு பழைய எச்சரிக்கையின் மிச்சம். நடைமுறையில் இரண்டையும் ஒரே ஆளுக்கு நாங்கள் தருகிறோம். அதைவிட நீங்கள் கவனிக்க வேண்டிய வேறொரு சேர்க்கை இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில், சுமாட்ரிப்டான் உள்ளே போய் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். அது புரிந்தால் உங்கள் கேள்வியில் பாதிக்கு மேல் தானாகவே தீர்ந்துவிடும்.

மூளைக்கு வலி தெரியாது. மூளையைச் சுற்றியிருக்கும் உறைக்கும், அந்த உறையில் ஓடும் ரத்தக் குழாய்களுக்கும்தான் வலி உணர்வு உண்டு. முகத்துக்கு உணர்வு தரும் டிரைஜெமினல் என்ற நரம்பின் கிளைகள் அந்தக் குழாய்களைச் சுற்றிப் படர்ந்திருக்கின்றன. ஒற்றைத் தலைவலி கிளம்பும்போது அந்த நரம்பு முனைகள் சிஜிஆர்பி என்ற ஒரு புரதத் துணுக்கைக் கக்குகின்றன. அது குழாயை விரியவைக்கிறது, நரம்பைக் கிளறிவிடுகிறது. நரம்பு அந்தச் சேதியை மூளைத்தண்டுக்கு அனுப்ப, அங்கிருந்து மேலே போகிறது. நெற்றிப்பொட்டில் நாடியோடு சேர்ந்து தெறிக்கிற வலி என்று நீங்கள் உணர்வது இதைத்தான்.

நரம்புகள் சேதி சொல்லப் பயன்படுத்தும் ரசாயனம் செரட்டோனின். அது இதில் எங்கே வந்தது? 1960-இல், தலைவலி வந்திருந்த சிலருக்கு ரத்தக் குழாய் வழியாகச் செரட்டோனினையே ஏற்றிப் பார்த்தார்கள். வலி தணிந்தது. ஆனால் மூச்சு முட்டுவது, உடம்பெல்லாம் தகிப்பது என்று பக்க விளைவுகள் தாங்க முடியாதபடி இருந்தன. அடுத்த வருடம் இத்தாலியில் சிக்குத்தேரி என்ற மருத்துவர், தலைவலியின்போது சிறுநீரில் செரட்டோனினின் சிதைவுப் பொருள் கூடுதலாக வெளியேறுவதைக் கண்டார். பிறகு, வலி வரும்போது ரத்தத் தட்டணுக்களில் இருக்கும் செரட்டோனின் சட்டென்று குறைகிறது என்றும் தெரிந்தது. ஆக, செரட்டோனினுக்கு இதில் பங்கு உண்டு, ஆனால் அதை அப்படியே மருந்தாகக் கொடுக்க முடியாது என்ற இடத்தில் விஷயம் நின்றது.

அதை நகர்த்தியவர் பாட்ரிக் ஹம்ஃப்ரி. இங்கிலாந்தில் கிளாக்ஸோ நிறுவனத்தில் 1972-இல் அவரது குழு வேலையைத் தொடங்கியது. செரட்டோனினுக்கு உடம்பில் பல வகை ஏற்பிகள், அதாவது அது போய் உட்கார்ந்து வேலை செய்யும் இடங்கள், உண்டு. குடலில் ஒன்று, தட்டணுவில் ஒன்று, மூளையில் வெவ்வேறு. தலைவலியைத் தணிப்பது இவற்றில் எது, அதை மட்டும் தொடுகிற மருந்து செய்ய முடியுமா என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. 1984-இல் சுமாட்ரிப்டான் கிடைத்தது. 1991-இல் நெதர்லாந்தில் முதலில் விற்பனைக்கு வந்தது. ரைசாட்ரிப்டான், சோல்மிட்ரிப்டான், நாராட்ரிப்டான் எல்லாம் அதன் பின் வந்த தம்பிகள்.

ட்ரிப்டான்கள் முக்கியமாக இரண்டு ஏற்பிகளில் போய் உட்காருகின்றன. ஒன்று 1பி. அது ரத்தக் குழாயின் தசையில் இருக்கிறது. அங்கே மருந்து உட்கார்ந்தால் விரிந்த குழாய் சுருங்கும். இன்னொன்று 1டி. அது நரம்பு முனையிலேயே இருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் நரம்பு சிஜிஆர்பி கக்குவது நிற்கும். இன்றைய புரிதலில் இரண்டாவதுதான் அதிக முக்கியம். ஸ்வீடனின் எட்வின்சனும் ஆஸ்திரேலியாவின் காட்ஸ்பியும் 1990-இல், வலி உச்சத்தில் இருந்தவர்களின் கழுத்துச் சிரையிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்த்தபோது சிஜிஆர்பி ஏறியிருந்தது. பிறகு செய்த ஆய்வில், சுமாட்ரிப்டான் கொடுத்து வலி போனபோது அதுவும் இறங்கியது. இந்த வழியில் செய்த வேலைக்காக அவர்கள் இருவருக்கும், மாஸ்கோவிட்ஸ், ஒலெசன் ஆகிய மற்ற இருவருக்கும் சேர்த்து 2021-இல் மூளை ஆய்வுக்கான பெரிய பரிசு கிடைத்தது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். சுமாட்ரிப்டான் உங்கள் உடம்பில் செரட்டோனினைக் கூட்டுவதில்லை. செரட்டோனின் உட்கார வேண்டிய இரண்டு மூன்று குறிப்பிட்ட இடங்களில் தான் போய் உட்கார்ந்து அதே கட்டளையைக் கொடுக்கிறது, அவ்வளவுதான். அதனால் 'செரட்டோனின் மருந்து' என்று பொதுவாகச் சொன்னால் குழப்பம்தான் மிஞ்சும்.

சரி, வலியை இவ்வளவு அழகாக நிறுத்துகிற மருந்து ஏன் முன்கூட்டியே தடுக்காது? ஒரு காரணம் எளியது. சுமாட்ரிப்டான் ரத்தத்தில் பாதியாகக் குறைய சுமார் 2 மணி நேரம் போதும். காலையில் போட்டது மாலையில் இருக்காது. இன்னொரு காரணம் அதைவிட ஆழமானது. சுமாட்ரிப்டான் வேலை செய்வது சங்கிலியின் கடைசிக் கண்ணியில், அதாவது நரம்பு முனையில். தாக்குதல் தொடங்குவதோ அதற்கு வெகு முன்னால், மூளைக்குள்ளேயே. சிலருக்குத் தலைவலிக்கு முன் கண்ணில் மின்னல் கோடுகள் ஓடும், பார்வையில் ஒரு ஓட்டை விழும். அது மூளையின் பின்பக்க மேற்பரப்பில் மெதுவாக நகர்கிற ஒரு மின் அலை. அந்தக் கட்டத்திலேயே சுமாட்ரிப்டான் ஊசி போட்டுச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பின்னால் வரவிருந்த தலைவலி எப்போதும் போல வந்தது. வலி தொடங்காத நிலையில் அந்த மருந்துக்குச் செய்ய வேலையில்லை.

ப்ரொப்ரனலால் வேலை செய்வது மறுமுனையில். எலிகளின் மூளையில் அந்த மின் அலையைச் செயற்கையாகத் தூண்டிச் செய்த ஆய்வு ஒன்று 2006-இல் வந்தது. ப்ரொப்ரனலால், அமிட்ரிப்டிலின், டோப்பிரமேட், வால்ப்ரோயேட் என்று ஒன்றுக்கொன்று உறவே இல்லாத மருந்துகள் எல்லாமே அந்த அலை கிளம்புவதைக் குறைத்தன. ஆனால் ஒரே ஒரு டோஸ் கொடுத்தபோது பலன் இல்லை. வாரக்கணக்கில் கொடுத்த பிறகுதான் குறைந்தது. மனிதர்களிடமும் நாங்கள் பார்ப்பது இதைத்தான். தடுப்பு மருந்து தொடங்கி ஆறு வாரம், எட்டு வாரம் கழித்துத்தான் ஒரு வித்தியாசம் தெரியும். இது தலைவலி மாத்திரையே இல்லை என்று மூன்றாவது வாரத்தில் நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். வலி வந்த அன்று ப்ரொப்ரனலாலைக் கூடுதலாகப் போட்டும் பயனில்லை. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்பதே கிடையாது.

இனி சுமாட்ரிப்டானை எப்போது போடுவது என்பதைப் பார்ப்போம். நன்றாகக் கேட்கிறது என்கிறீர்கள், அது நல்ல செய்தி. ஏனென்றால் நடுத்தர வலியோ கடும் வலியோ வந்தபின் 50 மி.கி. போட்டவர்களில் இரண்டு மணி நேரத்தில் வலி முழுசாகப் போய்விடுவது ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான். இன்னும் சிலருக்கு ஓரளவு குறையும். இந்தக் கணக்கை மாற்றுவது பெரும்பாலும் நேரம்தான்.

வலி ஏறும்போது ஒரு கட்டத்தில் தோலே வலிக்க ஆரம்பிக்கும். தலை வாரினால் வலிக்கும். கிளிப் போட்டிருந்தால் பிடுங்கி எறியத் தோன்றும். மூக்குக் கண்ணாடியின் காது பட்ட இடம் எரியும். வலிக்கிற பக்கத்தைத் தலையணையில் வைக்க முடியாது. வலியை வாங்கி மேலே அனுப்பும் மூளைத்தண்டின் நரம்பணுக்கள் அதற்குள் தாமாகவே கொதிக்கத் தொடங்கிவிட்டன என்பதற்கு இது அடையாளம். ட்ரிப்டான் நரம்பு முனையில் தடை போடுகிறது. மையத்தில் ஏற்கெனவே தனியாக ஓடிக்கொண்டிருப்பதை அது நிறுத்த முடியாது. பாஸ்டனில் பர்ஸ்டைன் குழு 2004-இல் காட்டியது இது: ஒரே ஆளுக்கு, தோல் வலிப்பதற்கு முன் ட்ரிப்டான் கொடுத்த தாக்குதல்களில் வலி முழுசாகப் போனது. தோல் வலி வந்தபின் கொடுத்தபோது பெரும்பாலும் போகவில்லை. அதனால் 'தாங்குகிற வரை தாங்கிப் பார்க்கலாம்' என்ற நம் பழக்கம் இந்த மாத்திரைக்குச் சரிப்படாது. இது ஒற்றைத் தலைவலிதான் என்று நிச்சயமாகத் தெரிந்த உடனே, வலி லேசாக இருக்கும்போதே போட்டுவிட வேண்டும்.

தாமதித்தால் இன்னொரு நஷ்டமும் உண்டு. தாக்குதலின்போது இரைப்பை மந்தமாகிவிடும். விழுங்கிய மாத்திரை அங்கேயே கிடக்கும். சுமாட்ரிப்டான் மாத்திரையில் நல்ல நாளிலேயே சுமார் 14 சதவீதம்தான் ரத்தத்துக்கு வந்து சேரும். தோலடியில் போடும் 6 மி.கி. ஊசியில் கிட்டத்தட்ட முழுதும் வந்துவிடும். குமட்டல் அதிகம் உள்ளவர்களுக்கு டோம்பெரிடோன் அல்லது மெட்டோகுளோப்ரமைடு ஒரு மாத்திரை சேர்த்துத் தருவது வாந்திக்காக மட்டுமில்லை, இரைப்பையை நகர்த்தத்தான். போட்டதுமே வாந்தி எடுத்துவிடுகிறவர்களுக்கு மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயோ ஊசியோதான் வழி.

முதல் மாத்திரையில் வலி போய், அதே நாளில் திரும்பி வந்தால் இரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்று போடலாம். 24 மணி நேரத்தில் மொத்தம் 200 மி.கி.யைத் தாண்டக் கூடாது. முதல் மாத்திரை துளிக்கூடக் கேட்கவில்லை என்றால் அந்தத் தாக்குதலுக்கு இரண்டாவதும் பெரும்பாலும் கேட்காது. அங்கே வேறு வகை வலி மாத்திரை போடுவதுதான் புத்தி. வலி திரும்பி வருவது வாடிக்கையாக இருந்தால், சுமாட்ரிப்டானோடு நாப்ராக்சென் 500 மி.கி. சேர்த்துப் போட்டால் இரண்டையும் தனித்தனியாகப் போடுவதைவிட நல்ல பலன் கிடைக்கிறது. ஒன்று சீக்கிரம் வேலை செய்து சீக்கிரம் போய்விடும், மற்றது நீண்ட நேரம் நிற்கும்.

மாத்திரை போட்ட அரைமணியில் சிலருக்குக் கழுத்து, தாடை, நெஞ்சில் ஓர் இறுக்கம், கை கால் கனம், உடம்பில் சூடு தெரியும். பெரும்பாலும் இது இதயத்திலிருந்து வருவதில்லை, கொஞ்ச நேரத்தில் போய்விடும். ஆனால் 1பி ஏற்பி இதயக் குழாயிலும் கொஞ்சம் உண்டு. அதனால்தான் மாரடைப்பு, நெஞ்சுவலி, பக்கவாதம், கால் ரத்தக் குழாய் அடைப்பு வந்தவர்களுக்கும் ரத்த அழுத்தம் கட்டுப்படாதவர்களுக்கும் ட்ரிப்டான் கூடவே கூடாது. தலைவலியோடு ஒரு பக்கக் கை கால் செயலிழக்கிற அரிய வகைக்கும் தருவதில்லை. சர்க்கரை, புகை, கொழுப்பு என்று இருக்கும் ஐம்பது வயதுக்காரர் முதன்முதலாக ட்ரிப்டான் கேட்டு வந்தால், இதயத்தைப் பார்க்காமல் நான் எழுதுவதில்லை. 32 வயதில் வேறு நோய் இல்லாத உங்களுக்கு இந்தப் பயம் வேண்டாம். இறுக்கம் குறையாமல் கூடினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ மட்டும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இனி, தினமும் போட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி. ட்ரிப்டான், எர்கோட்டமைன், பல மருந்து கலந்த வலி மாத்திரை ஆகியவற்றை மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ, பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் மாதிரித் தனி வலி மாத்திரையை 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டுவந்தால் மருந்தே தலைவலியை வளர்க்க ஆரம்பிக்கிறது. முதுகுவலிக்குத் தினமும் வலி மாத்திரை போடுகிறவருக்கு இப்படிப் புதிதாகத் தலைவலி வருவது அரிது. ஏற்கெனவே ஒற்றைத் தலைவலி உள்ள மூளைதான் இப்படி மாறுகிறது. எத்தனை மாத்திரை என்பதைவிட எத்தனை நாள் என்பதுதான் கணக்கு.

ஒருவரைப் பற்றிச் சொன்னால் இது எப்படி நடக்கிறது என்று தெளிவாகும். 38 வயது பள்ளி ஆசிரியை. கல்லூரி நாளிலிருந்தே மாதம் நாலைந்து தடவை ஒற்றைத் தலைவலி. யாரோ சொல்லி மெடிக்கல் ஷாப்பில் ஒரு கலவை மாத்திரை வாங்கத் தொடங்கினார். அட்டையைப் புரட்டிப் பார்த்தால் எர்கோட்டமைன் 1 மி.கி., கஃபீன் 100 மி.கி., பாராசிட்டமால் 250 மி.கி., வாந்தி நிற்க ப்ரோகுளோர்பெராசின் 2.5 மி.கி. நம் ஊரில் சீட்டில்லாமலே கேட்டு வாங்கிப் பழகிய மாத்திரை இது. எர்கோட்டமைனும் அதே 1பி, 1டி ஏற்பிகளில்தான் வேலை செய்கிறது, ஆனால் அத்தோடு நிற்காமல் வேறு பல ஏற்பிகளையும் தொடுகிறது, ரத்தக் குழாயை நீண்ட நேரம் இறுக்கிப் பிடிக்கிறது. என்னிடம் வந்தபோது அவருக்கு மாதம் 18 நாள் தலைவலி, 15 நாள் மாத்திரை. விடியற்காலை நாலு மணிக்கு வலியோடு முழிப்பு வருகிறது என்றார். மாத்திரையும் காபியும் போட்டால் எட்டு மணிக்குப் பள்ளிக்குப் போக முடிகிறது. அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ மறுபடி அதே நாலு மணி.

அந்த நாலு மணி வலிதான் துப்பு. முந்தைய டோஸ் இரவோடு இறங்குகிறது, விடியலில் உடம்பு அடுத்ததைக் கேட்கிறது. அவரை இரண்டு வாரம் ஒரு காலண்டரில் குறிக்கச் சொன்னேன். வலி வந்த நாளுக்கு ஒரு கோடு. அதில் வாந்தி, வெளிச்சக் கூச்சம், ஒரு பக்கத் தெறிப்பு எல்லாம் இருந்தால் கோட்டின் மேல் ஒரு வட்டம். மாத்திரை போட்டால் ஒரு புள்ளி. வட்டம் போட்ட நாட்கள் மூன்று மட்டுமே. மற்றதெல்லாம் தலை முழுக்கப் பாரமாக, வாந்தியில்லாமல், புள்ளிக்கு மறுநாளோ இரண்டாம் நாளோ வந்தவை.

கலவை மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினோம். அடுத்த ஒன்றிரண்டு வாரம் வலி இதைவிட மோசமாக இருக்கும் என்பதை அவருக்கும் அவர் கணவருக்கும் முன்பே சொல்லிவிட்டேன். அதைச் சொல்லாமல் விட்டால் ஐந்தாம் நாள் பழைய அட்டை திரும்பி வந்துவிடும். அந்தப் பத்து நாளைக் கடக்க நாப்ராக்சென் 500 மி.கி. காலையும் இரவும் சாப்பாட்டுக்குப் பின், வயிற்றுக்குப் பாதுகாப்பாக பான்டொப்ரசோல், குமட்டலுக்கு டோம்பெரிடோன். சுமாட்ரிப்டான் 50, வட்டம் போடுகிற மாதிரியான வலிக்கு மட்டும், வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் இல்லை. கடைசி எர்கோட்டமைன் போட்டு 24 மணி நேரம் ஆகாமல் சுமாட்ரிப்டான் தொடவே கூடாது. இரண்டுமே குழாயைச் சுருக்குபவை. அன்றைக்கே தடுப்பு மருந்தும் தொடங்கினோம். வீசிங் வந்ததில்லை, நாடி 84, ரத்த அழுத்தம் 126/80 என்று பார்த்துக்கொண்டு ப்ரொப்ரனலால் 20 மி.கி. இரு வேளை. இரண்டு வாரம் கழித்து 40 மி.கி. இரு வேளை. முதல் மாதத்தில் 13 நாள் வலி. மூன்றாம் மாதம் 5 நாள், அதில் நான்குக்கு சுமாட்ரிப்டான் ஒரு மணி நேரத்திலேயே கேட்டது. அந்த ஐந்து நாள்தான் அவருக்கு முதலிலிருந்தே இருந்த ஒற்றைத் தலைவலி. மீதி பதிமூன்று நாள் மாத்திரையால் வந்தது.

உங்கள் நிலைக்கு வருவோம். மாதம் ஆறேழு நாள் என்பது தடுப்பு மருந்து தொடங்க நியாயமான எண்ணிக்கைதான். வேலையைக் கெடுக்கிற வலி மாதத்தில் நாலு நாளுக்கு மேல் வந்தாலோ, வலி மாத்திரைகள் கேட்காமல் போனாலோ, ட்ரிப்டான் தரவே முடியாத உடல்நிலை இருந்தாலோ தடுப்பு மருந்தைப் பற்றிப் பேசத் தொடங்குவோம். நீங்கள் இப்போதே பத்து நாள் எல்லைக்கு மூன்று நாள் தள்ளித்தான் நிற்கிறீர்கள். அந்த ஆறேழை மூன்றாக்குவதுதான் ப்ரொப்ரனலாலின் வேலை. தலைவலி நாட்கள் பாதியாகக் குறைந்தாலே தடுப்பு மருந்து வென்றது என்று எடுத்துக்கொள்கிறோம். வலி அறவே வராது என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

20 மி.கி. என்பது தொடக்க அளவு. அந்த அளவில் பலருக்கு எதுவும் தெரியாது. ஒரு நாளுக்கு 80-லிருந்து 160 மி.கி. வரை போனபின் இரண்டு மூன்று மாதம் பார்த்துத்தான் கேட்கிறதா இல்லையா என்று சொல்ல முடியும். அதனால் மறுபடி டாக்டரைப் பார்க்கும் தேதியைத் தவறவிடாதீர்கள். ஏற்றுவதற்கு முன் அவர் நாடியையும் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். சின்ன வயதில் வீசிங் இருந்தது, இன்ஹேலர் போட்டேன் என்றால் அதை இப்போதே சொல்லிவிடுங்கள். ஆஸ்துமா உள்ளவருக்கு ப்ரொப்ரனலால் மூச்சுக் குழாயை மூடிவிடும். படி ஏறினால் களைப்பு, கை கால் சில்லிடுவது, கெட்ட கனவு ஆகியவை வரக்கூடிய தொல்லைகள். மனச்சோர்வு கூடுவதாகத் தோன்றினாலும் சொல்லுங்கள், நீங்கள் எஸ்சிட்டலோபிராம் எடுப்பவர் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

ப்ரொப்ரனலால் ஒத்துவராவிட்டால் வேறு உண்டு. ஃப்ளூனரிசின் இரவில் ஒன்று போட்டால் போதும் என்பதால் நம் ஊரில் அதிகம் எழுதப்படுகிறது. ஆனால் எடை போடும், மனதைச் சோர வைக்கும், வயதானவர்களுக்கு நடுக்கமும் உடல் விறைப்பும் கொண்டுவரும். உங்களுக்கு என் முதல் தேர்வாக இருக்காது. அமிட்ரிப்டிலின் தூக்கமில்லாதவர்களுக்கு நன்றாகக் கேட்கும், ஆனால் எஸ்சிட்டலோபிராமோடு சேரும்போது அளவைக் குறைவாக வைத்துப் பார்த்துத் தர வேண்டியிருக்கும். டோப்பிரமேட் போட்டால் விரல் நுனியில் ஊசி குத்துவது போலிருக்கும், பேசும்போது வார்த்தை சிக்கும். குழந்தை பெறும் எண்ணம் இருந்தாலோ, கருத்தடை இல்லாவிட்டாலோ அதையும் வால்ப்ரோயேட்டையும் தொடவே வேண்டாம். வால்ப்ரோயேட் கருவிலிருக்கும் குழந்தையின் தண்டுவடத்தையும் அறிவு வளர்ச்சியையும் பாதிக்கும். இந்த வயதுப் பெண்களுக்குத் தலைவலிக்காக அதை எழுதுவதை நான் ஏற்கவில்லை.

ட்ரிப்டானை மாற்றிக்கொள்கிறவர்கள் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. ப்ரொப்ரனலால் ரத்தத்தில் ரைசாட்ரிப்டானின் அளவைச் சுமார் 70 சதவீதம் உயர்த்திவிடும். அதனால் ப்ரொப்ரனலால் போடுகிறவர் ரைசாட்ரிப்டான் 10-க்குப் பதிலாக 5 தான் போட வேண்டும். சுமாட்ரிப்டானுக்கு இந்தச் சிக்கல் இல்லை. உங்கள் டாக்டர் எழுதிய ஜோடி பொருத்தமானது. கடையில் இது ஸ்டாக் இல்லை, இதே மாதிரி இன்னொன்று தருகிறேன் என்று ரைசாட்ரிப்டானை நீட்டினால் மட்டும் வாங்காமல் டாக்டரிடம் கேளுங்கள்.

எஸ்சிட்டலோபிராம் விஷயம். 2006-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, ட்ரிப்டானும் இந்த வகை மனச்சோர்வு மருந்தும் சேர்ந்தால் செரட்டோனின் சிண்ட்ரோம் வரலாம் என்று ஓர் எச்சரிக்கை விட்டது. மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் காகிதத்திலும் கடையின் கம்ப்யூட்டரிலும் அது இன்றும் நிற்கிறது. ஆனால் அந்த நோய்க்கு முக்கியக் காரணம் 2ஏ என்ற ஏற்பி மிதமிஞ்சித் தூண்டப்படுவது. ட்ரிப்டான் அதைத் தொடுவதில்லை. இரண்டையும் சேர்த்து எடுக்கிறவர்கள் ஏராளம், அவர்களில் இந்த நோய் மிக மிக அரிது. ஆனாலும் அறிகுறிகளைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: காரணமில்லாத படபடப்பு, கொட்டும் வியர்வை, காய்ச்சல், கால் தசைகள் துடித்து வெட்டுவது, பேதி, எல்லாம் சில மணி நேரத்தில் ஒன்றாகக் கிளம்பும். மானோஅமைன் ஆக்சிடேஸ் தடுப்பான் என்ற பழைய வகை மனச்சோர்வு மருந்து வேறு விஷயம். அதோடு சுமாட்ரிப்டான் கூடாது. அது சுமாட்ரிப்டான் உடம்பில் சிதைவதையே நிறுத்திவிடும்.

முதலில் சொன்ன அந்த வேறு சேர்க்கை எஸ்சிட்டலோபிராமும் நாப்ராக்சென் போன்ற வலி மாத்திரைகளும். தட்டணுக்கள் தாமாகச் செரட்டோனினைத் தயாரிப்பதில்லை, ரத்தத்திலிருந்து உறிஞ்சி வைத்துக்கொண்டு ரத்தம் உறைய அதைப் பயன்படுத்துகின்றன. எஸ்சிட்டலோபிராம் அந்த உறிஞ்சலைத் தடுக்கிறது. நாப்ராக்சென் ஒரு பக்கம் இரைப்பைச் சவ்வை அரிக்கும், இன்னொரு பக்கம் தட்டணுவை மந்தமாக்கும். இரண்டும் சேரும்போது இரைப்பையில் ரத்தக் கசிவு வாய்ப்பு கூடுகிறது. மாதத்தில் சில நாள், சாப்பிட்டபின், வயிற்று மாத்திரையோடு என்றால் பரவாயில்லை. அல்சர் வந்தவராக இருந்தால் நாப்ராக்சென் வேண்டாம், பாராசிட்டமால் 1000 மி.கி. போதும். மலம் தார் போலக் கறுத்துப் போனால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள்.

உங்கள் யோசனை முழுக்கத் தவறில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மாதவிடாயை ஒட்டி மட்டும், தேதி தவறாமல் வலி வருகிற பெண்களுக்கு ஃப்ரோவாட்ரிப்டான் என்ற ட்ரிப்டானை அந்த ஐந்தாறு நாளுக்கு மட்டும் தடுப்பாகத் தருவதுண்டு. ரத்தத்தில் பாதியாகக் குறைய அதற்கு ஒரு நாளுக்கும் மேல் ஆகும் என்பதால் அது முடிகிறது. அப்புறம், சிஜிஆர்பியையே நேரடியாகத் தடுக்கும் ஜெப்பன்ட் வகை மாத்திரைகள் வந்திருக்கின்றன. ரத்தக் குழாயை அவை சுருக்குவதில்லை. அவற்றில் ரிமெஜெப்பன்ட் என்பதை அமெரிக்காவில் 2020-இல் வலி வந்தபின் போட அனுமதித்தார்கள். 2021-இல் அதே மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் தடுப்பாகவும் போட அனுமதித்தார்கள். ஒரே மாத்திரை இரண்டு வேலையும் செய்வது அங்கே நடந்துவிட்டது. ட்ரிப்டானில் அது நடக்காததற்கு, அடிக்கடி போட்டால் அது வலியையே வளர்ப்பது ஒரு முக்கியக் காரணம். ஜெப்பன்ட்களில் இதுவரை அந்தக் குணம் தெரியவில்லை. விலை மட்டும் சுமாட்ரிப்டானைவிடப் பல மடங்கு.

ப்ரொப்ரனலால் கேட்டால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை போட்டுவிட்டு, டாக்டர் சொல்கிற கணக்கில் சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்திப் பார்க்கலாம். பலருக்கு அதன் பிறகும் வலி நாட்கள் குறைவாகவே நிற்கும். வலி இல்லையே என்று நீங்களாக ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். நாடி எகிறும், அழுத்தம் ஏறும், தலைவலியும் சேர்ந்து திரும்பி வரும்.